172-க்கும் 64-க்கும் நடுவே

அப்பாவுக்கு 78 வயது என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டில் 172/64 என்று இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பேச்சு ஆரம்பிக்கிறது. மகன் மேல் எண்ணைப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஹையா இருக்கு, மாத்திரையைக் கூட்டணும்" என்கிறான். மருமகள் கீழ் எண்ணைப் பார்த்து, "64 லோ பிரஷர் ஆச்சே, கூட்டினா மாமாவுக்கு மயக்கம் வந்துடாதா?" என்கிறாள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: "வயசோட நூறைக் கூட்டிக்கோங்க. 178 வரைக்கும் பயமே இல்ல."

பெரியவர் சொன்ன கணக்கை இன்று எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார். மகன், மருமகள் இருவரின் கவலையிலும் நியாயம் உண்டு. மேல் எண் கூடுவதும் கீழ் எண் குறைவதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. முதியவர்களின் உடலில் அவை இரண்டும் ஒரே காரணத்தால் நடப்பவை. அந்தக் காரணம் இதயத்தில் இல்லை. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் சுவரில் இருக்கிறது.

முதலில் எண்கள் எதை அளக்கின்றன என்று பார்க்கலாம். இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை சுருங்கி, ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அப்போது குழாய்க்குள் அழுத்தம் ஏறி ஓர் உச்சத்தைத் தொடுகிறது. அந்த உச்சம்தான் மேல் எண். பிறகு இதயம் தளர்ந்து, அடுத்த துடிப்புக்கு ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அழுத்தம் படிப்படியாக இறங்குகிறது. அடுத்த துடிப்பு வருவதற்குச் சற்றுமுன் எவ்வளவுக்கு இறங்கியிருக்கிறதோ அதுதான் கீழ் எண். வீட்டு மிஷினில் SYS என்று காட்டுவது உச்சத்தை, DIA என்று காட்டுவது அடிமட்டத்தை. அதற்கும் கீழே PUL என்று இருப்பது நாடித்துடிப்பு. அதைப் பிரஷரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அளவு மில்லிமீட்டர் பாதரசத்தில். 120 என்றால், பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்கும் அழுத்தம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அது இல்லாமல் அளந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் காட்டியிருக்கிறார். 1733-இல் வெளிவந்த தன் நூலில், ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்ததை எழுதினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. துடிப்புக்குத் துடிப்பு மேலும் கீழும் ஆடியது. அந்த ஆட்டத்தின் உச்சியும் அடியும்தான் இன்று நாம் சீட்டில் எழுதிக்கொள்ளும் இரண்டு எண்கள்.

இனி குழாயின் கதை. இளமையில் பெருந்தமனி நன்றாக இழுபடும். இதயம் தள்ளும் ரத்தம் முழுவதும் உடனே முன்னால் ஓடிவிடுவதில்லை. ஏறத்தாழ பாதி, விரிந்த சுவருக்குள்ளேயே தங்கிக்கொள்கிறது. அதனால் உச்சம் மட்டுப்படுகிறது. இதயம் ஓய்வெடுக்கும்போது விரிந்த சுவர் சுருங்கி, தங்கியிருந்த ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. அதனால் அழுத்தம் அடியோடு விழுந்துவிடாமல் தாங்கப்படுகிறது. உச்சத்தைக் குறைப்பதும் அடியைத் தாங்குவதும் ஒரே சுவரின் வேலை.

இந்தச் சுவருக்கு நெகிழ்வைக் கொடுப்பது எலாஸ்டின் என்ற புரத இழை. உடல் அதைப் பெரும்பாலும் சிறுவயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. பிறகு பெரிதாகப் புதுப்பிப்பதில்லை. ஓர் ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல் துடிப்புகள். அத்தனைக்கும் விரிந்து சுருங்கி, அறுபது எழுபது ஆண்டுகளில் இழைகள் அறுகின்றன. பழைய பாவாடை இடுப்பு எலாஸ்டிக் இழுத்தால் வருகிறது, விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லையே, அதே சங்கதிதான். அறுந்த இழைகளின் சுமையைக் கொலாஜன் என்ற விறைப்பான புரதம் ஏற்றுக்கொள்கிறது. சுவரில் சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும் இருப்பவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கிறது.

விறைத்த குழாயில் அதே 70 மில்லிலிட்டர் ரத்தம் வந்து விழுந்தால், ஒதுங்க இடமில்லை. உச்சம் எகிறுகிறது. உள்ளே தங்கிய ரத்தமும் குறைவு என்பதால், இதயம் தளரும்போது அழுத்தம் வேகமாகச் சரிகிறது. மேல் எண் ஏற, கீழ் எண் இறங்குகிறது. மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது: ஐம்பது வயதை ஒட்டி வரை இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறுகின்றன, அதன்பிறகு மேல் எண் ஏறிக்கொண்டே போக, கீழ் எண் திரும்பி இறங்கத் தொடங்குகிறது.

ஆகவே அப்பாவின் 64, மருமகள் நினைப்பதுபோல் தனியாக வந்த 'லோ பிரஷர்' இல்லை. 172-ஐ உண்டாக்கிய அதே விறைப்புதான் 64-ஐயும் உண்டாக்கியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 108. சாதாரணமாக 120/80 என்றால் வித்தியாசம் 40. சீட்டில் யாரும் எழுதாத இந்த வித்தியாசம், முதியவர்களைப் பொறுத்தவரை இரண்டு எண்களுக்கும் சமமான சேதி சொல்கிறது. அது அறுபதைத் தாண்டி அகல அகல, குழாய் விறைத்திருக்கிறது என்று பொருள். (இதய வால்வு ஒன்று சரியாக மூடாமல் கசிந்தாலும், கடுமையான ரத்தசோகையிலும், தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே மாதிரி அகலும். இத்தனை பெரிய வித்தியாசம் முதல் முறை தெரியும்போது மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, எக்கோ எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.)

சரி, எந்த எண்ணுக்கு வைத்தியம் செய்வது? இதில் மருத்துவ உலகமே நெடுங்காலம் தடுமாறியது. 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா-ரோச்சி கையில் சுற்றும் பட்டையைக் கொண்டுவந்தபோது, நாடி மறையும் இடத்தை வைத்து மேல் எண்ணை மட்டுமே அளந்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தம் தொடங்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறிக்கும் முறையைச் சொன்னார். கீழ் எண்ணும் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தது. வந்த பிறகு அதற்கே மதிப்பு கூடிவிட்டது. வயதானவர்களுக்கு மேல் எண் ஏறுவது இயல்பு, விறைத்த குழாயில் ரத்தத்தைத் தள்ள அது தேவையும்கூட என்று பலர் நம்பினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரின் 'வயதோடு நூறு' அந்தக் காலத்து மிச்சம்.

அந்த நம்பிக்கையை உடைத்தது 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. அறுபது வயதைத் தாண்டிய 4,736 பேர். எல்லோருக்கும் மேல் எண் 160 அல்லது அதற்கு மேல், கீழ் எண் 90-க்குள். அதாவது நம் அப்பாவைப் போன்றவர்கள். பாதிப் பேருக்கு விலை மலிவான நீர் மாத்திரையில் ஆரம்பித்த வைத்தியம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுக் கணக்கில், வெற்று மாத்திரை எடுத்த ஒவ்வொரு நூறு பேரிலும் சுமார் 8 பேருக்குப் பக்கவாதம் வந்தது. வைத்தியம் செய்துகொண்டவர்களில் சுமார் 5 பேருக்கு. எண்பதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2008-இல் வெளியான இன்னொரு ஆய்விலும் மாத்திரை எடுத்தவர்களிடையே மரணம் குறைந்தது. இதயச் செயலிழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. அந்த ஆய்வு வைத்திருந்த இலக்கு 150/80.

மகன் சொன்னதில் உள்ள நியாயம் இது. 172 உண்மையாகவே அப்பாவின் அன்றாட அளவாக இருந்தால் அதை விட்டுவைக்கக் கூடாது. சராசரியைப் பார்த்து ஏமாறவும் கூடாது. கீழ் எண்ணோடு வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி அழுத்தம் தோராயமாகக் கிடைக்கும். 120/80-க்கு அது 93, 172/64-க்கு 100. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மெல்லிய குழாய்கள் ஒவ்வொரு துடிப்பிலும் 172-இன் இடியை வாங்கிக்கொள்கின்றன.

மருமகள் சொன்னதில் உள்ள நியாயமும் உண்டு. இதயம் மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் அனுப்புவது சுருங்கும்போது. தன் சொந்தத் தசைக்கு, அதிலும் இடது கீழறைக்கு, ரத்தம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தளரும்போது. சுருங்கிய தசை தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதால். அந்த நேரத்தில் குழாயில் இருக்கும் அழுத்தம் கீழ் எண்ணை ஒட்டியது. இதயக் குழாயில் அடைப்பு உள்ள ஒருவருக்கு மாத்திரையால் கீழ் எண் மிகவும் இறங்கினால் நெஞ்சுவலி வரக்கூடும் என்ற அச்சம் இதனால்தான். கீழ் எண் 60-க்கும் கீழே போகும்போது பல மருத்துவர்கள் நிதானிப்பார்கள். அதற்காக, கீழ் எண் 64 இருக்கிறது என்று 172-ஐச் சும்மா விடுவதும் இல்லை. சிறிய அளவில் ஆரம்பித்து, சில வாரங்கள் விட்டு விட்டு மெதுவாகக் கூட்டிப் போவார்கள். மாத்திரை ஒரே மாதத்தில் எண்ணை இறக்கவில்லை என்று மருத்துவரை மாற்றும் குடும்பங்கள், அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறார் என்பதைப் புரிந்துகொண்டால் நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: 172 உண்மையா? கிளினிக்கில் அப்பா மாடிப்படி ஏறி வந்தார். வந்ததும் உட்காரவைத்து அளந்தார்கள். கை நாற்காலி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "என்ன சாப்பிட்டீங்க?" என்று நர்ஸ் கேட்க, அவர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். இவை ஒவ்வொன்றும் எண்ணைக் கூட்டும். தொங்கும் கையின் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். பட்டை இதயத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால், அந்த உயரத்து ரத்தத்தின் கனமும் சேர்ந்து அளவில் வரும். 100 மில்லிமீட்டரை 13.6-ஆல் வகுத்தால் ஏழு, எட்டு புள்ளி. நிரம்பிய சிறுநீர்ப்பை, சற்றுமுன் குடித்த காபி, பேச்சு எல்லாம் தங்கள் பங்குக்கு ஏற்றும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் பொய்யாக ஏறும். வற்றிய கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் பொய்யாக இறங்கும். மிஷின் வாங்கும்போது அப்பாவின் மேல்கைச் சுற்றளவை நூல் வைத்து அளந்துகொண்டு போங்கள். பட்டையின் மேலேயே எத்தனை சென்டிமீட்டருக்கு உரியது என்று அச்சிட்டிருப்பார்கள்.

வீட்டில் அளக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையை மேசை மேல், பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். பட்டை சட்டைத்துணியின் மேல் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். மாலையிலும் இதே மாதிரி. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுப்பது வழக்கம். முதல் நாள் எண்ணில் பதற்றம் கலந்திருக்கும். வீட்டுச் சராசரியில் 135/85-க்கு மேல் இருந்தால் அதிகம். கிளினிக்கில் இதற்குச் சமமான எல்லை 140/90.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டு மிஷின் சத்தம் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் சிறு அதிர்வுகளைப் பார்த்து, ஒரு கணக்கின் வழியாக இரண்டு எண்களையும் ஊகிக்கிறது. நாடி ஒழுங்காக இருக்கும்வரை கணக்கு நன்றாகவே வேலை செய்யும். முதியவர்கள் சிலருக்கு நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கும். அவர்களுக்கு அடுத்தடுத்து அளந்தால் 150, 128, 166 என்று எண்கள் துள்ளும். மிஷினைக் குறை சொல்லும் முன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். ஒழுங்கு தவறித் துடித்தால் அதுவே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய விஷயம், அதற்கு ஈ.சி.ஜி. தேவை.

நம் அப்பாவின் ஏழு நாள் நோட்டில் சராசரி 158/66 வந்தது என்று கொள்வோம். 172 இல்லை, ஆனாலும் அதிகம்தான். இனிமேல்தான் பெரும்பாலான வீடுகளில் யாரும் செய்யாத ஒரு வேலை இருக்கிறது. நிற்கவைத்து அளப்பது.

எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணர்விகள் இதைக் கண்டுபிடித்து, சில நொடிகளில் குழாய்களை இறுக்கி இதயத்தை முடுக்குகின்றன. அந்த உணர்விகள் இருப்பதும் அதே விறைத்த சுவரில்தான். சுவர் இழுபட்டால்தான் அவற்றுக்குச் செய்தி போகும். விறைத்துவிட்டால் செய்தி மங்குகிறது. ஆக, உட்காரும்போது பிரஷர் ஏறியிருக்கும் அதே முதியவருக்கு, நின்றால் அது சரிந்துவிடலாம். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10, நின்ற மூன்று நிமிடத்துக்குள் இறங்கினால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்பாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து அளந்தால் 160/66. எழுந்து ஒரு நிமிடத்தில் 142/62. மூன்றாவது நிமிடத்தில் 132/60, "லேசா கிறுகிறுங்குது" என்கிறார். 28 புள்ளி சரிவு. (பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்காமல் இதைச் செய்ய வேண்டாம்.) மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் காரணம் பாதி புரிகிறது. புராஸ்டேட்டுக்காக இரவு ஒரு டாம்சுலோசின். காலையில் பிரஷருக்கு நீர் மாத்திரை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் அவரே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக். முதலாவது ரத்தக்குழாயையும் கொஞ்சம் தளர்த்தும் என்பதால் நிற்கும்போது அழுத்தம் விழும். இரண்டாவது, வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அந்த வீழ்ச்சியைக் கூட்டும். மூன்றாவது உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, உட்கார்ந்த அளவை ஏற்றுகிறது. பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கிறது, சிறுநீரகத்துக்கும் ஆகாது.

இந்த நோட்டும் டப்பாவும் மருத்துவர் கைக்குப் போகாமல் 172/64 மட்டும் போயிருந்தால், இன்னொரு மாத்திரை கூடியிருக்கும். பின்னிரவில் சிறுநீர் கழிக்க எழும் அப்பா கழிப்பறை வாசலில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளவும் அது காரணமாகியிருக்கலாம். எல்லாம் கைக்கு வந்ததால் மருத்துவர் முதலில் வலிமாத்திரையை நிறுத்தி, மாற்று தருகிறார். நீர் மாத்திரையை மாற்றுகிறார். புராஸ்டேட் மாத்திரை பற்றி அதை எழுதிக் கொடுத்த சிறுநீரக அறுவை மருத்துவரிடம் பேசச் சொல்கிறார். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறையட்டும் என்கிறார். சில வாரங்களில் உட்கார்ந்து 144/64, நின்று 136/62 என்று வந்தால், 78 வயதில் அது நல்ல நிலை. அங்கிருந்து 140-க்குள் கொண்டுவரலாமா என்பதை, நின்றால் தலை சுற்றுகிறதா என்பதைப் பார்த்து அவர் முடிவுசெய்வார். தடியூன்றி நடக்கவே சிரமப்படும் 88 வயதுப் பாட்டிக்கு இலக்கு இன்னும் தளர்வாக இருக்கலாம். நினைவில் வையுங்கள், டப்பாவில் எதையும் குடும்பத்தினர் தாங்களே நிறுத்துவதோ கூட்டுவதோ இல்லை. ஒரு நாள் 128 வந்தது என்று அன்றைய மாத்திரையைத் தவிர்ப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. 128 வந்ததே அந்த மாத்திரையால்தான்.

நோட்டு எழுதும் வீடுகளில் அடுத்து வரும் சிக்கல், ஒரு நாள் ராத்திரி மிஷின் திடீரென்று 190 காட்டுவது. எல்லோரும் அப்பாவைச் சுற்றி நின்று மறுபடி மறுபடி அளக்க, பயத்தில் அது 200 ஆகும். பட்டையைக் கழற்றிவிட்டு, விளக்கைக் குறைத்து, ஐந்து பத்து நிமிடம் அமைதியாக உட்காரவிட்டு இன்னொரு முறை அளக்க வேண்டும். உடம்பில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால், மறுநாளே மருத்துவரிடம் காட்டினால் போதும். 180-க்கு மேலேயே நின்றால் அன்றிரவே அவரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். நிஃபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்கின் அடியில் வைக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். அது அழுத்தத்தைக் கட்டுப்பாடில்லாமல் சரிக்கும். அந்தச் சரிவிலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன. ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், புதிதாகக் குழப்பம், பார்வை மங்கல் என்று ஏதாவது ஒன்று இருந்தால் எண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். பிரஷர் 140 காட்டினாலும் அப்படித்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நோட்டையும் மாத்திரை டப்பாவையும் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.